இரு முகத்துக்கும் நடுவே

1994-இல் ஆனையூர் மதுரை நகரத்துக்குள் இல்லை. மாநகராட்சியோடு அது சேர்ந்ததே 2011-இல்தான். கூடல் நகர் ரயில் நிலையத்தை விட்டு வடக்கே நடந்தால் வயலும் கண்மாய்க் கரையும் கருவேல மரங்களுமாகக் கிடக்கும். நடுநடுவே சுண்ணாம்புக் கோடு போட்டுப் பிரித்த பிளாட்டுகள். அப்பா மில்லிலிருந்து ஓய்வு பெற்ற பணத்தில் அங்கே 3 சென்ட் வாங்கினார். 20 அடிக்கு 30 அடியில் இரண்டு அறையும் அடுப்படியும் கொண்ட ஒரு வீடு, மேலே தளம், அவ்வளவுதான் திட்டம். நான் அப்போது பாலிடெக்னிக்கில் சிவில் படித்துக்கொண்டிருந்தேன். வேலையை நடத்தியவர் பெரியப்பா. பொதுப்பணித் துறையில் ஒர்க் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் எப்போதும் ஒரு முழ நீளக் கம்பித் துண்டு வைத்திருப்பார். அது எதற்கு என்று வேலை தொடங்கிய பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

அந்தக் காலத்தில் தூண் எழுப்பிக் கட்டும் வழக்கம் சின்ன வீடுகளுக்கு வந்திருக்கவில்லை. கருங்கல் அஸ்திவாரம், அதன் மேல் 9 அங்குலச் செங்கல் சுவர், அதன் மேல் கான்கிரீட் தளம். மதுரையைச் சுற்றிலும் பாறை இருக்கும்போது கல்லை விட்டு வேறு எதைப் போடுவார்கள்? மேலூர்ப் பக்கமும் வாடிப்பட்டிப் பக்கமும் உடைத்த கல் டிராக்டரிலும் லாரியிலும் வந்து இறங்கும். அதைச் சக்கைக்கல் என்போம். அளவெடுத்துக் கொத்தாமல், உடைந்த வாக்கிலேயே வருகிற கல். ஒவ்வொன்றும் ஒரு வடிவம். அந்த வடிவமில்லாத குவியலை நேரான சுவராக்குவதுதான் கல்லுக்கட்டு வேலை.

முதலில் வானம் தோண்டினோம். 3 அடி அகலம், 4 அடி ஆழம். மனையின் மேற்குப் பக்கம் செம்மண்ணைத் தாண்டியதும் சுக்கான் தட்டியது. கடப்பாரை போட்டால் பெயராமல் துள்ளியது. கிழக்கு மூலை வேறு விதம். கண்மாய்ப் பக்கத்துக் கரிசல் அந்த மூலையில் நாக்கு நீட்டியிருந்தது. 4 அடியிலும் கறுப்புக் களிதான் வந்தது. கரிசல் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். வீட்டின் முக்கால் பாகம் அசையாத சுக்கான் மேலும், ஒரு மூலை மட்டும் மழைக்கு ஏறி வெயிலுக்கு இறங்கும் களி மேலும் உட்கார்ந்தால், அந்த மூலைச் சுவரில் சாய்வாக விரிசல் ஓடும். எந்தக் கல்லும் எந்தச் சிமெண்டும் அதைத் தடுக்காது.

"அந்த மூலையை மட்டும் சுக்கான் வர்ற வரைக்கும் இறக்குங்க," என்றார் பெரியப்பா. 6 அடியில் வந்தது. மற்ற இடத்துக்கும் அந்த மூலைக்கும் இடையே வானத்தின் அடியைச் சரிவாக விடாமல் படி படியாக வெட்டச் சொன்னார். சரிவில் கட்டினால் கட்டு வழுக்கும். படியில் கட்டினால் ஒவ்வொரு படியும் மட்டமாகத் தாங்கும். கரிசல் எங்களுக்கு ஒரு மூலையோடு போனது நல்ல காலம். மனை முழுக்க, 10 அடிக்கும் கீழே வரை அது ஓடியிருந்தால் கல் அஸ்திவாரமே பொருந்தியிருக்காது. அங்கே அடியில் குமிழ் விட்ட குத்துத் தூண்களை ஆழத்தில் இறக்கி அவற்றின் மேல் பீம் போட்டுத்தான் கட்ட வேண்டும்.

அடியில் 40 மில்லி ஜல்லியில் 6 அங்குலக் கான்கிரீட் போட்டு ஆறவிட்டோம். அதற்கு மேல்தான் கல். அடிக்கட்டு 2¼ அடி அகலம், 1¾ அடி உயரம். அதற்கு மேல் 1¾ அடி அகலத்தில் இன்னொரு 1¾ அடி. தரைக்கு மேலே பேஸ்மெண்ட் 1¼ அடி அகலத்தில் 2 அடி உயரம். சுவர்களின் மொத்த நீளம் ஏறக்குறைய 130 அடி. பெரியப்பா ஒரு சிகரெட் அட்டையின் பின்புறம் கணக்குப் போட்டார். மூன்று அடுக்கின் குறுக்குப் பரப்பும் சேர்த்து 9½ சதுர அடி. 130-ஆல் பெருக்கினால் 1,235 கன அடி. எங்கள் ஊர்க் கணக்கில் 100 கன அடி ஒரு யூனிட், ஆகவே 12 யூனிட்டுக்குச் சற்று மேல்.

"அப்ப 12 யூனிட் கல்லு போதும்ல?" என்று அப்பா கேட்டார்.

"பதினாலரை இறக்கணும். குவிச்சு வச்ச கல்லுல பாதிக்குக் கொஞ்சம் கம்மி காத்துதேன். கட்டும்போது கல்லு நெருங்கும். இருந்தும் கட்டுல மூணுல ஒரு பங்கு கலவை நிக்கும். அந்தக் கலவைக்கு மட்டும் சிமெண்ட் 60 மூட்டை வாங்கணும்."

அப்பாவின் முகம் சுண்டிவிட்டது. கல் வீட்டுக்குச் சிமெண்ட் எதற்கு அவ்வளவு என்று வருத்தம். ஆனால் சக்கைக்கல் கட்டில் அதுதான் கணக்கு. செங்கல் ஒரே அளவு, மெல்லிய கலவையில் ஒட்டிவிடும். சக்கைக்கல்லில் இடுக்குகள் பெரியவை. அவற்றைக் கலவையாலும் சின்னக் கல்லாலும் நிரப்ப வேண்டும். இந்த மூன்றில் ஒரு பங்கைத்தான் பலரும் மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். மிச்சம் பிடித்த இடம் வெற்றிடமாக உள்ளே கிடக்கும்.

முதல் லோடு கல் இறங்கியபோது பெரியப்பா சம்மட்டியை எடுத்துக்கொண்டு குவியல் மேல் ஏறினார். ஒவ்வொரு கல்லாக இல்லாவிட்டாலும் அங்கங்கே தட்டிப் பார்த்தார். நல்ல கல் 'கணீர்' என்றது. சில கல் 'பொத்' என்றது. பொத்தென்ற கல்லை உடைத்துக் காட்டினார். உள்ளே மஞ்சளும் பழுப்புமாக நிறம் ஏறி, விரலால் சுரண்டினால் மணல்போல உதிர்ந்தது. பாறையின் மேல்தோல் அது. பல காலம் மழையும் வெயிலும் பட்டு உள்ளுக்குள் இற்றுப்போன பகுதி. குவாரியில் மேல் அடுக்கை முதலில் உடைப்பார்கள், அதைத்தான் மலிவாகத் தள்ளிவிடுவார்கள். நீலக் கறுப்பான பாறையானாலும் வரிவரியாக இளஞ்சிவப்பு ஓடிய பாறையானாலும் உடைந்த முகம் பளிச்சென்று கூர்மையாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கல் தண்ணீரையும் குடிக்காது. ஒரு கல்லை நனைத்து வைத்தால் மேலே ஈரம் நின்று காயும், உள்ளே இறங்காது. இந்தியத் தர விதி 5 சதவீதம் வரை தண்ணீர் உறிஞ்சும் கல்லை அனுமதிக்கிறது. நம் ஊர் நல்ல கருங்கல் அதில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது.

வலுவுக்கு அடுத்தது வடிவம். லோடில் பாதிக்கு மேல் உருண்டையாகவும் முட்டை வாக்கிலும் இருந்தால் திருப்பி அனுப்பச் சொன்னார். உருண்டைக் கல் எங்கு வைத்தாலும் ஒரு புள்ளியில்தான் உட்காரும். மேலே பாரம் ஏறினால் உருளப் பார்க்கும். கல்லுக்குத் தட்டையான இரண்டு பக்கம் வேண்டும். கீழே உட்கார ஒன்று, மேல் கல்லைத் தாங்க ஒன்று. விதிப்புத்தகக் கணக்கும் உண்டு. கல்லின் நீளம் அதன் உயரத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் போகக் கூடாது. அடி அகலம் 6 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. சுவர்க் கனத்தில் முக்காலுக்கு மேலும் போகக் கூடாது. பலகைபோல மெலிந்து நீண்ட கல் நடுவில் முறியும். சின்னக் கல் உள்ளே பிடிக்காமல் முகத்தில் ஒட்டிக்கொண்டு மட்டும் நிற்கும்.

கல் இறங்கிய பிறகு ஒரு வேலை நடந்தது. மனையின் ஓரத்தில் சித்தாள்களை வைத்து கல்லை மூன்றாகப் பிரித்தோம். மூலைக்கு நல்ல சதுர வாக்குள்ள பெரிய கற்கள் ஒரு பக்கம். நீளமான கற்கள் தனியாக ஒரு பக்கம். மற்றது பொதுக் குவியல். கொத்தனார் சிரித்தார். "சார், நீளக் கல்லை என்னத்துக்கு ஒதுக்குறீங்க? கைக்கு வந்ததை வச்சுட்டுப் போயிருவோம்."

"அதுதான் உங்க கட்டுக்கு உசுரு. அதை நான் கேக்கும்போதுதான் எடுக்கணும்," என்றார் பெரியப்பா.

அவர் ஒதுக்கியது குறுக்குக்கல்லுக்காக. அதாவது சுவரின் இந்த முகத்திலிருந்து அந்த முகம் வரை ஒரே கல்லாக ஊடுருவிக் கிடக்கும் கல். இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே அந்தக் கல்லுக்காகத்தான்.

சக்கைக்கல் சுவரை எப்படிக் கட்டுகிறார்கள் என்று நின்று பார்த்தால் அதன் பலவீனம் புரியும். இரண்டு கொத்தனார்கள் நூல் கட்டி, ஒருவர் வெளி முகத்திலும் ஒருவர் உள் முகத்திலும் கல் வைத்துக்கொண்டு போவார்கள். இரண்டு பக்கமும் நல்ல முகம் வெளியே தெரியும்படி திருப்பி வைப்பார்கள். கல்லின் வால் உள்ளே இருக்கும். நடுவில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் சில்லையும் சிதறலையும் கொட்டி, மேலே இளகிய கலவையை ஊற்றிவிட்டால் வேலை வேகமாக ஓடும். சாயங்காலம் பார்த்தால் நேரான சுவர் நிற்கும். ஆனால் அது ஒரு சுவர் அல்ல. முதுகோடு முதுகு ஒட்டாத இரண்டு மெல்லிய சுவர்களும் நடுவே கொஞ்சம் குப்பையும்தான். மேலிருந்து பாரம் இறங்கும்போது நடுவிலுள்ள சில்லு கீழே அமுங்கி, ஆப்பு இறங்குவதுபோல இரண்டு முகத்தையும் வெளியே தள்ளும். சுவர் வயிறு தள்ளும்.

எங்கள் வானத்தில் முதல் நாள் மேற்குப் பக்கத்தில் அப்படித்தான் கட்டிவிட்டார்கள். பெரியப்பா மாலையில் வந்து கையிலிருந்த கம்பியைக் கட்டின் நடுவில் குத்தினார். முழங்கை அளவு இறங்கியது. இன்னொரு இடத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னார். தண்ணீர் ஒரு நிமிடம்கூட நிற்காமல் 'கடகட'வென்று உள்ளே போய், கீழே கான்கிரீட் ஓரத்தில் சிமெண்ட் நிறத்தில் கசிந்தது. நிறைந்த கட்டில் தண்ணீர் மேலேயே தேங்கி மெதுவாக வற்ற வேண்டும்.

"எடுத்துருங்க," என்றார்.

கொத்தனாருக்குக் கோபம். ஆனால் கலவை இன்னும் இறுகவில்லை, கல்லைக் கழுவி மறுபடி வைக்க முடியும். அதுவே மூன்று நாள் கழித்துத் தெரிந்திருந்தால் சம்மட்டி வேண்டியிருக்கும். கல்லுக்கட்டில் சோதனை என்பது கட்டு திறந்திருக்கும் போதே நடக்க வேண்டும். முகத்தில் பாயிண்டிங் பூசிய பிறகு பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

மறுநாள் காலையில் டீ குடிக்கும்போது பெரியப்பா கொத்தனாரிடம் கில்லாரியைப் பற்றிப் பேசினார். 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்தில் நிலம் நடுங்கி ஒரு வருடம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் தூக்கத்திலேயே செத்துப்போனார்கள். பத்திரிகைகளில் வந்த படங்கள் எல்லோர் கண்ணிலும் இருந்தன. அங்கே வீடுகள் தடித்த கல் சுவர்கள், 2 அடிக்கு மேல் கனம், மண் சாந்தில் கட்டியவை, மேலே கனமான மண் கூரை. பார்க்கக் கோட்டைபோல இருந்த சுவர்கள் பிளந்தன. வெளிமுகம் தெருவில் விழுந்தது, உள்முகம் படுத்திருந்தவர்கள் மேல் விழுந்தது. இரண்டையும் சேர்த்துக் கட்டிய கல் நடுவே இருக்கவில்லை. அதன் பிறகு அந்தப் பகுதியில் இடியாமல் நின்ற வீடுகளைக் காப்பாற்ற, சுவரில் அங்கங்கே கல்லை உருவி ஊடு துளை போட்டு, வளைத்த கம்பியை வைத்துக் கான்கிரீட் நிரப்பினார்கள். கட்டும்போது வைக்காத குறுக்குக்கல்லைப் பின்னால் வார்த்துச் செருகினார்கள் என்று சொல்லலாம்.

"மதுரையில நிலம் ஆடாது சார்," என்றார் கொத்தனார்.

"ஆடாது. ஆனா பேஸ்மெண்டுக்குள்ள நீ 2 அடி மண்ணைக் கொட்டித் தண்ணி விட்டு திமிசு போடுவேல்ல? அந்த மண்ணு தினம் தள்ளும்."

கொத்தனார் அதற்குப் பதில் சொல்லவில்லை. அவருக்கு அது தெரிந்த விஷயம். அதே தெருவில் இரண்டு வீடு தள்ளி ஒரு பேஸ்மெண்ட் அப்படித்தான் நின்றது. உள்ளே வானத்தில் தோண்டிய கரிசலையே நிரப்பியிருந்தார்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு வெளிமுகம் நடுவில் பிதுங்கி, நூல் பிடித்தால் 2 அங்குலம் வெளியே நின்றது. பூச்சு அரைவட்டமாக வெடித்திருந்தது. மேல் சுவரில் எந்தக் கோளாறும் இல்லை. அதனால் வீட்டுக்காரர் பூச்சு வேலை சரியில்லை என்று மறுபடி மறுபடி பூசிக்கொண்டிருந்தார். இரண்டு முகத்தையும் பிணைக்கும் கல் இல்லாத கட்டு உள்ளிருந்து தள்ளப்பட்டால் இப்படித்தான் காட்டும். விரிசல் படுக்கை வாக்கில் ஓடும், சுவரின் தலை நேராக இருக்கும், நடு மட்டும் முன்னே வரும். மண் அமுங்கி வரும் விரிசல் சாய்வாக ஓடி மேல் சுவருக்கும் ஏறும். இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தால் எங்கே கை வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

எத்தனை குறுக்குக்கல் என்பதற்கு விதி இருக்கிறது. முகப் பரப்பில் அரை சதுர மீட்டருக்கு ஒன்றாவது வேண்டும், அதாவது 5½ சதுர அடிக்குக் குறையாமல் ஒன்று. எங்கள் கட்டின் மொத்த உயரம் 5½ அடி, நீளம் 130 அடி. கணக்குப் போட்டால் 130-க்கு மேல் வந்தது. கொத்தனார் அதைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார். பெரியப்பா கணக்கைச் சொல்லாமல் வேலையாகச் சொன்னார். "ஒவ்வொரு அடுக்குலயும் 3 அடிக்கு ஒண்ணு. மேல் அடுக்குல வைக்கும்போது கீழ ரெண்டு கல்லுக்கு நடுவுல வர்ற மாதிரி மாத்திப் போடு." ஒவ்வொரு 1¾ அடி உயரத்திலும் இப்படி வைத்துப் போனதில் எண்ணிக்கை தானாகவே சரியாக வந்தது.

சிக்கல் அடிக்கட்டில் வந்தது. 2¼ அடி அகலத்துக்கு ஒரே கல் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் இரண்டு பேர் தூக்க முடியாத கனம். 60 சென்டிமீட்டருக்கு மேல் போகும் சுவரில் ஒரே கல் வேண்டியதில்லை என்று விதியே சொல்கிறது. வெளிமுகத்திலிருந்து ஒரு நீளக்கல்லும் உள்முகத்திலிருந்து இன்னொன்றும் உள்ளே வந்து, நடுவில் குறைந்தது 6 அங்குலம் ஒன்றையொன்று ஒட்டித் தாண்டிக் கிடந்தால் போதும். இரண்டு கற்களும் பக்கம் பக்கமாகக் கலவையில் பிடித்துக்கொள்ளும். எதிரெதிர் வந்து நுனியோடு நுனி முட்டி நின்றால் பயனில்லை. கொத்தனார் முதலில் முட்டவைத்தார். பெரியப்பா தன் இரண்டு கைகளையும் நீட்டி, விரல் நுனிகள் தொடுவதையும், பிறகு மணிக்கட்டுகள் ஒன்றையொன்று பற்றுவதையும் காட்டினார். அதன் பிறகு கொத்தனார் தப்பவே இல்லை.

பேஸ்மெண்டில் 1¼ அடிக்கு நீளமான கல் ஒரு கட்டத்தில் தீர்ந்துவிட்டது. அதற்கும் வழி இருந்தது. 6 அங்குலச் சதுர மரப்பெட்டியில் 1:3:6 கலவையில், 20 மில்லி ஜல்லி போட்டு, சுவர்க் கனத்துக்குச் சரியான நீளத்தில் கான்கிரீட் கட்டைகளை வார்த்தோம். ஒரு வாரம் தண்ணீரில் போட்டு எடுத்து, கல்லுக்குப் பதிலாக வைத்தோம். கொத்தனாருக்கு அது பிடித்துப்போனது. தேட வேண்டாம், உடைக்க வேண்டாம், அளவு சரியாக இருக்கும். குறுக்குக்கல்லின் நுனியை முகத்தில் சுண்ணாம்பால் குறியிடச் சொன்னார் பெரியப்பா. அடுத்த அடுக்குப் போடும்போது கீழே எங்கே கிடக்கிறது என்று தெரிய வேண்டும். சம்பளம் கொடுக்குமுன் எண்ணிப் பார்க்கவும் அது உதவும். நுனி மட்டும் வெளியே தெரிந்து, அரைக்கல்லாக நின்றுவிடும் மோசடியும் உண்டு. அதனால் குறியை இரண்டு பக்கமும் எண்ண வேண்டும்.

இப்போது கலவைக்கு வருகிறேன். குறுக்குக்கல் இரண்டு முகத்தைப் பிணைத்தாலும், நடுவிலுள்ள நிரப்பைப் பிடிப்பது கலவைதான். சிமெண்ட் ஒன்றுக்கு மணல் 6. கொத்தனார் சட்டிக் கணக்கில் மணல் போட்டார். சட்டி ஒன்று குவிந்து வரும், ஒன்று தட்டையாக வரும். அதற்காக 1¼ கன அடி கொள்ளும் அளவுப்பெட்டி ஒன்று செய்தோம். ஒரு மூட்டைச் சிமெண்ட் 1¼ கன அடி. ஆகவே மூட்டை ஒன்றுக்கு ஆறு பெட்டி மணல், குழப்பமில்லை. மணல் லேசாக ஈரமாக இருந்தால் பொங்கி, நாலில் ஒரு பங்கு வரை கூடுதலாகக் காட்டும். அந்த நாளில் ஏழரைப் பெட்டி வரை போட வேண்டும். அப்படிப் போடாவிட்டால் கலவை கெடாது, சிமெண்ட்தான் வீணாகும். மறுபக்கம், மணலில் மண் இருந்தால் அது உண்மையான கேடு. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணலும் மேலே உப்புத் தண்ணீரும் விட்டுக் குலுக்கி வைப்போம். சில மணி நேரத்தில் மணல் கீழேயும் வண்டல் மேலே ஒரு படலமாகவும் நிற்கும். அந்தப் படலம் மணலின் உயரத்தில் 8 சதவீதத்துக்கு மேல் போனால் மணலைக் கழுவ வேண்டும். எங்களுக்கு வந்த இரண்டாவது லோடில் அது விரல் கனத்துக்கு நின்றது. அந்த லோடை உள்ளே மண் நிரப்புவதற்கு வைத்துக்கொண்டு, கட்டுக்கு வேறு மணல் வாங்கினோம்.

இறுக்கமாகப் பிசைந்த கலவை கரண்டியிலிருந்து ஒரே கட்டியாக விழ வேண்டும். தண்ணீர் கூடினால் கல்லிடுக்கில் வழிந்து கீழே போய், மேலே வெற்றிடம் விட்டுவிடும். அதனால்தான் 'நடுவில் கொட்டி ஊற்றுவது' நிரப்புவது அல்ல. முறை இது. முதலில் கீழ்க்கட்டைத் தண்ணீர் தெளித்துத் துடைத்து, கலவைப் படுக்கை போட வேண்டும். கல்லையும் கழுவி நனைத்து, அகலமான பக்கம் கீழே வரும்படி வைத்து, சுத்தியலால் தட்டி உட்கார வைக்க வேண்டும். நடுவிலும் அதேபோல் கலவை போட்டுக் கல் வைத்துத் தட்ட வேண்டும். அதில் மீதி விழும் இடுக்கில் மட்டும் சில்லைக் கலவையோடு அடித்து இறக்கலாம். முகத்து இடுக்கு முக்கால் அங்குலத்துக்கு மேல் போனால் அங்கே கல் சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள். கீழ் அடுக்கின் நிற்கும் இடுக்கின் மேலேயே மேல் அடுக்கின் இடுக்கும் நேராக வந்தால் அந்தக் கோட்டில் சுவர் பிரியும். ஒரு நாளைக்கு 2 அடிக்கு மேல் ஏற்றவில்லை. பச்சைக் கலவையின் மேல் பாரம் கூடினால் கீழ்க்கல் நகரும். மதியச் சாப்பாட்டுக்கு முன் பிசைந்து வைத்த கலவையைச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் தெளித்து மறுபடி பிசைவது பெரியப்பா சகிக்காத விஷயம். சிமெண்ட் இறுகத் தொடங்கிய பிறகு குழப்பினால் பிடிப்பு போய்விடும். தேவைக்கு மட்டும் பிசையச் சொல்வார். ஒரு வாரத்துக்குக் காலையும் மாலையும் சாக்கு போட்டு நனைத்தோம்.

பேஸ்மெண்ட் முடிந்த பிறகு உச்சியில் 6 அங்குலப் பெல்ட் கான்கிரீட்டைக் கம்பியோடு சுற்றிலும் போட்டோம். கரிசல் மூலையை மற்ற சுவர்களோடு பிணைத்துப் பிடிப்பது அதன் வேலை. உள்ளே செம்மண்ணையும் சரளையையும் அரை அடிக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு நிரப்பினோம். வானத்துக் கரிசலை ஒரு கூடைகூட உள்ளே விடவில்லை.

சில வருடம் கழித்து, பின்பக்கம் கழிவறைக் குழாய்க்கு பேஸ்மெண்டில் ஓட்டை போட வேண்டியிருந்தது. முதலிலேயே அந்த இடத்தில் ஒரு குழாய்த் துண்டைப் பதித்துவிட்டிருக்கலாம். ஆனால் கழிவறை அந்தப் பக்கம் வரும் என்று அப்போது யாரும் நினைத்திருக்கவில்லை. வந்த ஆள் உளியும் சம்மட்டியுமாக ஒரு பகல் முழுக்கப் போராடினான். பெயர்ந்த இடத்தில் நான் எட்டிப் பார்த்தேன். கல், கலவை, சில்லு, கல் என்று இடைவெளி இல்லாமல் இறுகியிருந்தது. ஒரு கான்கிரீட் கட்டை குறுக்கே கிடந்தது. அதை வெட்ட விடாமல் குழாயை அரை அடி தள்ளிப் போடச் சொன்னேன். கட்டை வெட்டப்பட்டால் அந்தப் பகுதியில் இரண்டு முகத்தையும் பிடித்திருக்கும் ஒரு கை போய்விடும்.

இந்த அஸ்திவாரத்துக்கு எல்லை உண்டு. எங்கள் வீட்டின் ஒரே தளத்துக்கு, மண்ணில் இறங்கும் பாரம் சதுர மீட்டருக்கு 5 டன்னைச் சற்றே தாண்டும். சுக்கானுக்கு அது ஒரு பொருட்டல்ல. மாடி ஏற்றினால்கூடத் தாங்கும். இரண்டு மாடி என்றால் அகலத்தைக் கூட்ட வேண்டும், கல்லும் சிமெண்டும் கூடும். அந்த இடத்தில் தூண் போட்டுக் கட்டுவது செலவில் மலிவாகிவிடும். இப்போது ஆனையூரில் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள். கல்லின் முகம் பார்த்துத் திருப்பி வைக்கத் தெரிந்த கொத்தனார் கிடைப்பது அருகிவிட்டதும் ஒரு காரணம்.

ஆனால் ஒரே தள வீட்டை, உறுதியான செம்மண்ணிலோ சுக்கானிலோ, பக்கத்து ஊர்க் கல்லை வைத்துக் கட்ட ஒருவர் இன்றும் என்னைக் கேட்டால் கல் அஸ்திவாரமே போடச் சொல்வேன். கூடவே, கல் விலையையும் சிமெண்ட் விலையையும் பேசி முடித்த பிறகு கொத்தனாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்வேன்: "குறுக்குக்கல் எங்கே வைப்பீங்க?" அவர் 3 அடிக்கு ஒன்று என்று சொன்னால் கூலியைக் குறைக்கப் பேரம் பேச வேண்டாம். "அதெல்லாம் தானா வந்துரும்" என்று சொன்னால், நீங்களே தினமும் மாலையில் ஒரு கம்பியோடும் ஒரு வாளித் தண்ணீரோடும் வானத்தின் ஓரத்தில் நிற்க வேண்டியிருக்கும்.